சுண்டைக்காய் கால் பணம்: ஒரு பழமொழியை வேற்றுமொழிக்காரருக்குப் புரியவைப்பது எப்படி

இணையக் கடையில் கைப்பேசி உறை ஒன்றின் விலை 6 வெள்ளி. அதை வெளிநாட்டிலிருந்து அனுப்பும் கட்டணம் 18 வெள்ளி. திரையைப் பார்த்த தமிழர் ஒருவர், "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறார். பக்கத்து மேசையில் இருக்கும் சீனரோ மலாய்க்காரரோ பிலிப்பீன்ஸ்காரரோ "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்கிறார். பதில் சொல்லத் தொடங்கும்போதுதான் சிக்கல். சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னால் அவர் விழிக்கிறார். "அதாவது, வீண் செலவு" என்று சுருக்கினால் தலையாட்டுகிறார், ஆனால் தவறாகப் புரிந்துகொள்கிறார்.

பழமொழிக்குப் பொருள் சொல்வது என்றால் அகராதியில் இருக்கும் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். தேர்வுத்தாளில் எழுத அந்த வரி போதும். அந்தச் சொற்கள் பிறந்த ஊரையே பார்த்திராத ஒருவருக்கு அது போதாது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலரும் இந்த இரண்டாம் வகைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. இந்த ஒரே பழமொழியை எடுத்துக்கொண்டு, அது எப்படி வேலை செய்கிறது, அதை எப்படி விளக்குவது, விளக்கம் எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

சொற்கள் தெரிந்தும் பொருள் தெரியாத நிலை

சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த ஒருவர் கோப்பிக் கடையில் நிற்கிறார். முன்னால் இருப்பவர் "கோப்பி ஓ கோசோங்" என்று கேட்கிறார். புதியவர் ஒவ்வொரு சொல்லையும் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார். கோப்பி என்றால் காப்பி. ஓ என்பது ஹொக்கியன் மொழியில் கறுப்பு. கோசோங் என்றால் மலாயில் காலி, வெறுமை. மூன்றையும் சேர்த்தால் "காப்பி, கறுப்பு, வெறுமை" என்று வருகிறது. சொல் எல்லாம் தெரிந்துவிட்டது, ஆனால் கோப்பையில் என்ன வரும் என்று இன்னும் தெரியாது. பால் ஊற்றாமல், சர்க்கரை போடாமல் தருவார்கள் என்பது அந்தக் கடையின் வழக்கம் தெரிந்தால்தான் விளங்கும். சர்க்கரையும் பாலும் சேர்ப்பதே இங்கே இயல்பு, எதுவும் சேர்க்காததைத்தான் தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது அந்தச் சொற்களுக்குள் இல்லை, கடைக்குள் இருக்கிறது.

பழமொழியும் இப்படித்தான். அதன் பொருளில் பாதி சொற்களுக்கு வெளியே இருக்கிறது. கேட்பவரிடம் அந்த வெளிப்பாதி இல்லை. அதைக் கொடுப்பதே விளக்குபவரின் வேலை.

சொன்னது ஒன்று, உணர்த்துவது ஒன்று

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். மரபுத்தொடர் என்பது வழக்கில் தனிப்பொருள் பெற்றுவிட்ட சொற்சேர்க்கை. "கம்பி நீட்டினான்" என்றால் ஓடிப்போனான். அதை ஒரு வினைச்சொல்லைப் போலவே வாக்கியத்தில் பொருத்திக்கொள்ளலாம். பழமொழி என்பது தன்னளவில் முடிந்து நிற்கும் கூற்று. அதை வாக்கியத்துக்குள் நுழைக்க மாட்டோம். நடக்கும் ஒரு நிகழ்ச்சியின் பக்கத்தில் கொண்டுபோய் வைப்போம். கம்பி நீட்டியவனை விளக்க ஒரு சொல் போதும். பழமொழிக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது.

தமிழ் இலக்கணம் இதை நெடுங்காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறது. சொல்ல வந்ததைச் சொல்லாமல், அதற்கு ஒப்பான வேறொன்றை மட்டும் சொல்லி, கேட்பவரையே மற்றதை உணரவைப்பதற்குப் பிறிதுமொழிதல் அணி என்று பெயர். இதற்குப் பலரும் காட்டும் சான்று திருக்குறளின் 475-ஆம் குறள்:

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்.

மயிலிறகு ஏற்றிய வண்டியே ஆனாலும், அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும். குறள் இவ்வளவுதான் சொல்கிறது. அரசனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, பகைவரைப் பற்றியும் இல்லை. ஆனால் இது இருக்கும் அதிகாரம் வலியறிதல். தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் அளந்து பார்த்துச் செயலில் இறங்கு என்று சொல்லும் அதிகாரம். அந்தத் தலைப்பின் கீழ் படிக்கும்போது, எளியவர்கள்தானே என்று பலரோடும் பகைத்துக்கொண்டால் அவர்கள் ஒன்று சேரும்போது வலியவனும் முறிந்துபோவான் என்று பரிமேலழகர் உரை சொல்வது இயல்பாகப் பொருந்துகிறது. தலைப்பை எடுத்துவிட்டுக் குறளை மட்டும் வெளிநாட்டார் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். வண்டிப் பாரம் பற்றிய எச்சரிக்கை என்றுதான் எடுத்துக்கொள்வார். அது அவர் குற்றமில்லை.

குறளுக்கு அதிகாரத் தலைப்பு செய்யும் வேலையை, பேச்சில் வரும் பழமொழிக்கு அந்த நேரத்துச் சூழல் செய்கிறது. தொல்காப்பியம் முதுமொழியை வரையறுக்கும்போது "குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி" என்கிறது. அதாவது, பேச எடுத்துக்கொண்ட ஒரு பொருளை நிலைநாட்டுவதற்கு, அதன் காரணமாக வந்து நிற்பது. அப்படியானால் ஒரு பழமொழியைச் சொல்கிறோம் என்றால் அதற்கு முன்பே ஒரு பொருள் பேச்சில் இருக்கிறது. மேலே சொன்ன அலுவலகத்தில் அந்தப் பொருள், வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி. பழமொழி அதற்குக் காரணத்தோடு வந்த விடை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், பழமொழியில் மூன்று அடுக்கு உண்டு. கண்முன் நிற்கும் காட்சி ஒன்று. அந்தக் காட்சிக்குள் பொருள்களுக்கு இடையே இருக்கும் உறவு இரண்டாவது. அதை யார், எப்போது, எதற்காகச் சொல்கிறார் என்ற பயன்பாடு மூன்றாவது. அகராதிகள் பெரும்பாலும் இரண்டாவதைச் சொல்கின்றன. வெளியாருக்கு மூன்றும் வேண்டும்.

காட்சி: அந்தக் காய் எப்படிப்பட்டது

சுண்டைக்காய் பட்டாணியைவிடச் சற்றே பெரிய, ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள, பச்சை நிறக் காய். கத்தரிக்காயின் குடும்பம். கசக்கும். உப்பு மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்தால் வற்றல், அதைப் போட்டால் வற்றல்குழம்பு. தேக்காவைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளில் பொட்டலமாகவே கிடைக்கும். இவையெல்லாம் தகவல். பழமொழிக்கு இதில் பெரும்பகுதி தேவையில்லை.

தேவைப்படுவது ஒன்றே ஒன்று. அது மதிப்பில்லாத காய். ஊர்ப்பக்கம் யாரும் பாத்தி கட்டி வளர்க்காமல் வேலியோரத்தில் தானே முளைத்துக் கிடப்பதுதான் அதன் வழக்கமான தோற்றம். போகிறபோக்கில் கைநிறையப் பறித்து வரலாம். அதனால்தான் ஒன்றை அற்பம் என்று காட்ட "சுண்டைக்காய்" என்றே தமிழில் திட்டுகிறோம். இந்த அற்பத்தன்மை கேட்பவருக்குப் போய்ச் சேராவிட்டால் பழமொழி படுத்துவிடும். அவர் அதை ஏதோ அரிய இந்திய மூலிகை என்று நினைத்துக்கொண்டால், "அரிய பொருளுக்குச் சுமைகூலி கொடுத்தால் என்ன தப்பு?" என்று கேட்பார்.

சிங்கப்பூரில் இதைப் புரியவைக்க ஒரு வசதி இருக்கிறது. மலாய்க்காரர்கள் இதே காயை தெரோங் பிபிட் என்பார்கள். தாய்லாந்துப் பச்சைக் கறியில் உருண்டை உருண்டையாக மிதப்பதும் இதுதான். இங்கே புதர் மண்டிய இடங்களில் தானாகவும் வளர்கிறது. ஆனால் இந்த வசதிக்குள் ஒரு வலையும் இருக்கிறது. பேரங்காடியில் சின்னப் பொட்டலத்தை நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒருவருக்கு அது மலிவான காய் இல்லை. எனவே காயை அடையாளம் காட்டியதும், "எங்கள் ஊரில் இதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்" என்ற வரியையும் கூடவே சேர்த்துவிட வேண்டும்.

அடுத்தது பணம். இன்று பணம் என்றால் பொதுவாகச் செல்வம். இங்கே அது ஒரு நாணயத்தின் பெயர். கிழக்கிந்தியக் கும்பெனி காலத்துச் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் கணக்கில் கால் பணம் 20 காசு, முக்கால் பணம் 60 காசு. "அது இன்றைக்கு எத்தனை வெள்ளி?" என்று கேட்பவர் கட்டாயம் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பின்னால் போக வேண்டாம். நாணயத்தின் மதிப்பு ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, பழமொழியோ அந்த மதிப்பில் நிற்கவில்லை. ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் நிற்கிறது. இரண்டையும் கூட்டினால் சரியாக ஒரு பணம் வருவதைக் கவனியுங்கள். ஒரு முழு நாணயத்தைக் கொடுத்திருக்கிறார், அதில் காய்க்குப் போனது நாலில் ஒரு பங்கு.

மூன்றாவது சுமைகூலி. இதில்தான் சிங்கப்பூரில் கூடுதல் கவனம் வேண்டும். கூலி என்ற சொல் ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் போய், இங்கே துறைமுகத்திலும் ஆற்றங்கரையிலும் மூட்டை சுமந்த சீனர், இந்தியர் வரலாற்றோடு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் அது இழிசொல்லாகவும் ஒலிக்கும். அந்தச் சொல்லை அப்படியே போட்டுச் சொன்னால், சுமப்பவனுக்கு அதிகக் கூலி கொடுத்துவிட்டோமே என்ற முதலாளியின் புலம்பல் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். பழமொழி அதைச் சொல்லவே இல்லை. தூக்கியவர் கேட்டது நியாயமான கூலிதான். குறை, அந்தக் காய்க்குப் போய் ஆள் வைத்தவர்மேல். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குத் தரும் ஊதியம் என்பதால் நமக்கு இந்த ஐயமே எழுவதில்லை. வெளியாரிடம் "தூக்கி வந்தவருக்குக் கொடுத்த காசு" என்று சொல்லிவிடுவதே நல்லது.

உறவு: ஏன் மூன்று மடங்கு ஆகிறது

இந்தப் பகுதியை நின்று பார்க்க வேண்டும். பழமொழியின் இயக்கமே இங்குதான் இருக்கிறது.

சுமை தூக்குபவர் எதை வைத்துக் கூலி கேட்பார்? தூரம், ஏற்ற இறக்கம், போய்வர ஆகும் நேரம். கூடைக்குள் இருப்பது பொன்னா சுண்டைக்காயா என்பது அவருக்குத் தேவையில்லாத செய்தி. ஆகவே கூலி, பொருளின் மதிப்போடு சேர்ந்து இறங்குவதில்லை. வாங்குவது எவ்வளவு அற்பமாக இருந்தாலும் கூலி ஒரு மட்டத்துக்குக் கீழே போகாது. இப்படிப் பொருளின் அளவோ மதிப்போ குறைந்தாலும் குறையாமல் நிற்கும் செலவை நிலைச்செலவு என்பார்கள். விலை மட்டும் இறங்கிக்கொண்டே போய், நிலைச்செலவு அசையாமல் நின்றால், ஓரிடத்தில் துணைச்செலவு முதற்பொருளைத் தாண்டிவிடும். பழமொழி சுட்டுவது அந்த இடத்தை.

கைப்பேசி உறைக்கு வருவோம். 6 வெள்ளிக்கு 18 வெள்ளி, அதே ஒன்றுக்கு மூன்று. நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து பத்து உறை வாங்கி, அனுப்பும் கட்டணம் ஏறாமல் அதே 18 வெள்ளியாகவே இருந்தால், 60 வெள்ளிப் பொருளுக்கு 18 வெள்ளி ஆகிறது. இப்போது பழமொழி பொருந்தாது. பொருளும் மாறவில்லை, கட்டணமும் மாறவில்லை, இரண்டுக்கும் இடையிலிருந்த உறவு மாறிவிட்டது. பழமொழியின் பொருள் எதில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. விளக்கும்போது இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டினால் கேட்பவர் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

ஆக, இந்தப் பழமொழி பொருந்த மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். ஒரு செலவு முதன்மை, மற்றது அதற்காகவே வந்த துணை. துணை, முதன்மையை மிஞ்சியிருக்கிறது. முதன்மையோ விட்டுவிட்டால் நட்டமில்லாத அற்பம்.

மூன்றாவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அற்பம் என்பது விலை குறைந்தது என்பதல்ல. 10 வெள்ளி மருந்து ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவர 30 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் அச்சாக அதேதான். ஆனாலும் அந்த மருந்தை நம்பியிருக்கும் நோயாளியின் வீட்டில் போய்ச் சுண்டைக்காய் என்று யாரும் சொல்ல மாட்டோம். சொன்னால் அடிவாங்கக்கூடும். விலை சுண்டைக்காயாக இருந்தாலும் பொருள் சுண்டைக்காய் இல்லை.

முதல் நிபந்தனையும் இப்படியே ஏமாற்றும். சிங்கப்பூரிலிருந்து தஞ்சாவூருக்கு 600 வெள்ளி விமானச் சீட்டு எடுத்து, அக்காள் மகன் கல்யாணத்துக்குப் போய் 101 வெள்ளி மொய் எழுதுகிறார் ஒருவர். துணைச்செலவு ஆறு மடங்கு என்று கணக்குப் போடலாமா? கூடாது. மொய் எழுதுவதற்காக அவர் பறந்து போகவில்லை. தாய்மாமனாகப் பந்தலில் நிற்கப் போனார். முதன்மை எது என்று தவறாக எடுத்தால் பழமொழி கேலியாகிவிடும்.

சுருக்கமாக: விகிதத்தை மட்டும் பார்த்துப் பொருத்தினால் பாதி நேரம் தவறிப்போகும். எது எதற்காக என்பதையும், அதை விட்டுவிட்டால் என்ன கெடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருந்தும்.

பயன்பாடு: யார் யாரிடம் சொல்லலாம்

இது பெரும்பாலும் தடுக்கும் பேச்சு, அல்லது அலுத்துக்கொள்ளும் பேச்சு. செலவு செய்யுமுன் சொன்னால் தடுப்பது. செய்தபின் சொன்னால் அலுப்பு. இரண்டிலும் மெல்லிய கிண்டல் இருக்கும். சினமோ கண்டிப்போ குறைவு. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும்போது மிக இயல்பாக ஒலிக்கும். அம்மா மகனிடம் சொல்லலாம், நண்பர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். வயதில் மூத்தவர் ஆசையாக வாங்கிவந்த ஒன்றைப் பார்த்து இளையவர் சொன்னால் வாய்த்துடுக்கு. பொருளைக் கொண்டுவந்து கொடுக்கும் ஊழியரின் காதுபடச் சொல்வதும் நன்றாக இருக்காது. குறை அவர்மேல் இல்லை என்று நமக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்?

பாதியிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு. "சுண்டைக்காய் கால் பணம்..." என்று இழுத்தால் போதும், மற்றது கேட்பவர் மனத்தில் ஓடிவிடும். வெளியாருக்கு அந்த இரண்டாம் பாதி ஓடாது. நாம் பாதி சொன்னால், அவர் காய்கறி விலை பற்றிப் பேசுகிறோம் என்று நினைப்பார்.

அவர் மொழியில் ஒன்றைத் தேடிக் கொடுத்தால் என்ன?

உதவியாகத் தோன்றும், பெரும்பாலும் கெடுக்கும். மலாயில் "பெசார் பாசாக் டாரிபாடா தியாங்" என்று ஒரு பழமொழி உண்டு. தூணைவிட முளை பெரிது என்று பொருள். தூணைப் பிணைக்க அடிக்கும் மரமுளைதான் இந்த பாசாக். துணையாக வந்தது முதன்மையை மிஞ்சிவிட்டது. காட்சியைப் பார்த்தால் நம் சுண்டைக்காயின் உடன்பிறப்பேதான். மலாய் நண்பரும் "ஆ, அதுவா!" என்று மகிழ்ந்துவிடுவார். ஆனால் மலாயில் அதைச் சொல்வது, வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்து கடனில் விழுபவரைப் பற்றி. 18 வெள்ளி அனுப்பும் கட்டணம் யாரையும் கடனில் தள்ளாது. மாதம் நன்றாகச் சம்பாதிப்பவரும் சுண்டைக்காய் என்று சொல்லி அதை மறுக்கலாம். நண்பர் புரிந்துகொண்டது நம் பழமொழியை அல்ல, தம்முடையதை.

ஆங்கிலத்தில் சில்லறைக் காசைக் காப்பதில் கெட்டிக்காரன், பெரும்பணத்தில் முட்டாள் என்ற கருத்தில் வரும் தொடரும் இப்படித்தான் குறுக்கே வரும். அங்கே ஒருவர் சிறியதை மிச்சம்பிடித்துப் பெரியதை இழக்கிறார். சுண்டைக்காய் வாங்கியவர் எதையும் மிச்சம்பிடிக்கவில்லையே. சீனத்தில் பெற்றது இழந்ததை ஈடுசெய்யாது என்ற பொருளில் ஒரு நான்கெழுத்துத் தொடர் உண்டு. அது உறவைக் கிட்டத்தட்டத் தொடுகிறது. ஆனால் பொதுவாகச் சொல்லப்படுவது, அற்பப் பொருள் என்ற கிண்டல் அதில் இல்லை.

அவர் மொழிப் பழமொழியை முதலில் கொடுத்தால் அவர் அதிலேயே தங்கிவிடுவார். முதலில் நம் காட்சியை விளக்கிவிட்டு, பிறகு "உங்கள் முளையும் தூணும் போல இருக்கிறது, ஆனால் நாங்கள் கடனாளியைச் சொல்வதில்லை" என்று வேறுபாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் அது பயன்படும்.

எழுதிப் பார்ப்போம்

முதல் வரைவு, சொல்லுக்குச் சொல்: "ஒரு சிறு காயின் விலை கால் நாணயம், அதைச் சுமந்த கூலி முக்கால் நாணயம்." பிழை ஏதுமில்லை. இது ஒரு விலைப்பட்டியல், அவ்வளவுதான்.

இரண்டாம் வரைவு, அகராதி வழி: "முதலைவிட மேற்செலவு மிகுதியாதல்." உறவு வந்துவிட்டது. ஆனால் இதைப் படித்தவர் மேலே சொன்ன மருந்துக்கும் விமானச் சீட்டுக்கும் பழமொழியைத் தாராளமாகப் பயன்படுத்துவார். அற்பம் என்ற நிபந்தனையும் கிண்டலும் இதில் இல்லை.

மூன்றாம் வரைவைக் காட்சியில் தொடங்கி, உறவுக்குப் போய், பயன்பாட்டில் முடிப்போம். எந்த மொழியில் சொன்னாலும் இந்த வரிசை போதும்:

"தாய்லாந்துப் பச்சைக் கறியில் பட்டாணி போல மிதக்குமே, அந்தக் காய். எங்கள் ஊரில் வேலியோரத்தில் தானே முளைக்கும், யாரும் மதிக்க மாட்டார்கள். ஒருவர் அதைச் சந்தையில் ஒரு வெள்ளிக்கு வாங்கி, வீடுவரை தூக்கிவர ஓர் ஆளை வைத்து, அவருக்கு மூன்று வெள்ளி கொடுத்தாராம். தூக்கியவர் கேட்டது நியாயமான காசுதான். இந்தக் காய்க்குப் போய் ஆள் வைத்ததுதான் வேடிக்கை. இல்லாவிட்டாலும் ஒன்றும் கெடாத ஒரு சின்னப் பொருளுக்காக, அதன் விலையைவிட அதிகமாக மேற்செலவு வரும்போது, இதை விட்டுவிடலாமே என்று சிரித்தபடி சொல்வோம்."

நாணயத்தின் பெயர் போய்விட்டது, வற்றல்குழம்பும் போய்விட்டது, கூலி என்ற சொல்லும் இல்லை. இழந்தவை இவை மட்டுமல்ல. கால், முக்கால் என்ற இயைபும், சுண்டைக்காய், சுமைகூலி என்று சு-வில் தொடங்கும் மோனையும் போயின. தமிழில் அந்தச் சந்தம்தான் பழமொழியை நாக்கில் ஒட்டவைக்கிறது. அதை வேறு மொழியில் வருவிக்க முயல்பவர்கள் பெரும்பாலும் பொருளைக் கோணலாக்கிவிடுகிறார்கள். ஒலியைக் கேட்க விரும்பினால், விளக்கி முடித்தபின் தமிழிலேயே ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். புரியாத மொழியிலும் இயைபு காதில் விழும்.

புரிந்ததா என்று எப்படித் தெரியும்

"புரிந்ததா?" என்று கேட்டால் சிங்கப்பூரில் எல்லோரும் "ஓகே, ஓகே" என்பார்கள். அதற்குப் பதில், அவர் வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எந்த அடுக்கு போய்ச் சேரவில்லை என்பதை அந்த எடுத்துக்காட்டே காட்டிக்கொடுக்கும்.

"என் புதுக் கைப்பேசி இரண்டாயிரம் வெள்ளி, அநியாயம்" என்று சொன்னால், விலை அதிகம் என்று மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறார். அதில் துணைச்செலவே இல்லை. உறவைத் திரும்பச் சொல்லுங்கள், பத்து உறைக் கணக்கு இங்கே கைகொடுக்கும். "மலிவான செருப்பு வாங்கினேன், ஒரே வாரத்தில் அறுந்துவிட்டது" என்றால், சிக்கனம் பற்றிய பொதுப் புத்திமதியாகக் கேட்டிருக்கிறார். எதற்கு எது துணை என்று கேளுங்கள், அவரே திருத்திக்கொள்வார். "மணிலாவுக்கு விமானத்தில் போய் அம்மாவுக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுத்தேன்" என்று சொன்னால் கணக்கு சரி, முதன்மை தவறு. கேக்குக்காகவா போனார்?

"கீழ்த்தளக் கடையில் ஒரு வெள்ளி ரொட்டி இருக்கிறது. சோம்பலில் செயலியில் சொல்லி, கொண்டுவந்தவருக்கு நாலு வெள்ளி கொடுத்தேன்" என்று தலையைச் சொறிந்துகொண்டே சொன்னால் மூன்று அடுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. ரொட்டி அற்பம், கொண்டுவந்த செலவு அதை மிஞ்சியது, சொல்பவர் தம்மைத்தாமே கேலி செய்துகொள்கிறார். இனி மறுநாள் உங்கள் திரையில் 6 வெள்ளி உறையைப் பார்த்து, நீங்கள் வாய் திறப்பதற்கு முன் அவரே "சுண்டைக்காய்" என்று சொன்னாலும் சொல்வார். உச்சரிப்பைத் திருத்த வேண்டாம்.